பழைய பி.பி. மாத்திரையும் டிஸ்சார்ஜ் பட்டியலும்: இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. பி.பி. 210-க்கு ஏறி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போன வாரம் வீட்டுக்கு வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்கு பி.பி. மருந்துகள்: டெல்மிசார்டன் 80 மி.கி. 1-0-0, அம்லோடிபின் 5 மி.கி. 0-0-1, மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். 25 மி.கி. 1-0-0, குளோர்தாலிடோன் 12.5 மி.கி. 1-0-0. முன்பிருந்தே போடும் பி.பி. மாத்திரையையும் விடாமல் போடுகிறார். அதன் பெயர் வேறு, அட்டையில் பொடி எழுத்தில் டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 என்று இருக்கிறது. நான்கு மருந்து என்றால் முற்றிவிட்டது என்று அர்த்தமா? இணையத்தில் எல்லாமே கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்கள். லபெட்டலால் ஊசி என்றும் எழுதியிருக்கிறது, அதையும் தொடர வேண்டுமா? சாயங்காலம் இரண்டு கணுக்காலும் வீங்குகிறது. காலையில் எழுந்தால் கொஞ்சம் கிறுகிறுப்பு, மூட்டு வலிக்கு எப்போதும் போடும் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்கிறார்.

மருத்துவர் பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கிறுகிறுப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வயதின் மேல் பழி போடாதீர்கள். காரணம் உங்கள் கையில் இருக்கும் அட்டையின் பொடி எழுத்திலேயே இருக்கிறது.

பழைய மாத்திரை ஒன்றுதான், ஆனால் அதற்குள் மருந்து இரண்டு. அந்த இரண்டும் புதிய பட்டியலிலும் இருக்கின்றன. கூட்டிப் பாருங்கள். டெல்மிசார்டன் 80 போட வேண்டியவர் 120 போடுகிறார். அந்த மருந்துக்கு ஒரு நாளுக்கு உச்ச அளவே 80தான். அம்லோடிபின் 5 எழுதியிருக்க, உள்ளே போவது 10. இதற்கு மேல் புதிதாக இரண்டு மருந்துகள், அதில் குளோர்தாலிடோன் உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது. கிறுகிறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான்கு மருந்து பயத்துக்கும் பதில் இதிலேயே வந்துவிடுகிறது. உங்கள் அப்பா ஏற்கெனவே இரண்டு மருந்துகள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார், ஒரே மாத்திரையாக இருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அதைத் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றை 40-லிருந்து 80 ஆக்கி, மற்றதை அப்படியே விட்டு, குறைந்த அளவில் இன்னும் இரண்டைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே மருந்தை மேலும் மேலும் ஏற்றுவதைவிட, வேறு வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பி.பி. நன்றாக இறங்கும், பக்க விளைவும் குறைவு. 210-க்குப் போனது சாதாரண விஷயமில்லை, ஆனால் மாத்திரை எண்ணிக்கையை வைத்து நோயை அளக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. பழைய மாத்திரை அட்டையை இன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிட்டு, டிஸ்சார்ஜ் செய்த டாக்டரைக் கூப்பிட்டு, "இந்தக் கூட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னீர்களா, இத்தனை நாள் சேர்த்துப் போட்டுவிட்டார்" என்று கேளுங்கள். கம்பெனிப் பெயரைச் சொல்லாதீர்கள், ஒரே மருந்து பல பெயரில் வரும். பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மி.கி.யையும் படித்துச் சொல்லுங்கள். மயக்கம் வருகிறதே என்று நீங்களாகவே நான்கையும் நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாக மெட்டோப்ரோலாலைச் சட்டென்று விட்டால் இதயத் துடிப்பும் பி.பி.யும் எகிறும். அது மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை என்பதால் பொடித்தோ மென்றோ சாப்பிடவும் கூடாது.

டாக்டரிடம் பேசும்போது கையில் மூன்று பி.பி. அளவு இருக்கட்டும். காலையில் படுக்கையில் ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்கும்போது ஒரு பி.பி., எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பி.பி., பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். படுத்திருக்கும்போது 138/80, நின்றதும் 112/68 என்று வந்தால் மேல் எண் 26 இறங்கியிருக்கிறது. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே அது நின்றால் பி.பி. விழும் கோளாறு. உட்கார்ந்து மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது, "பி.பி. நார்மலாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடுவீர்கள், அவர் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார். நிற்கும்போது மேல் எண் 100-க்குக் கீழே போய்க் கிறுகிறுப்பும் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசியாக வேண்டும். நினைவு தப்பி விழுந்தால், பேச்சு குழறினால், நெஞ்சு வலித்தால், நாள் முழுக்கச் சிறுநீர் சரியாகவே போகவில்லை என்றால் போன் செய்துகொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பழைய மாத்திரையை நிறுத்திய மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் இன்னும் சில நாள் கிறுகிறுப்பு இருக்கலாம். அதுவரை கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும், ராத்திரி தனியாக எழுந்து போக விடாதீர்கள்.

கணுக்கால் வீக்கமும் பெரும்பாலும் அதே அம்லோடிபின் வேலைதான், அளவு கூடினால் வீக்கமும் கூடும். இரண்டு காலிலும் சாயங்காலம் வந்து காலையில் வடிந்தால் கவலை வேண்டாம், அதற்கென்று நீர் மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ சொல்லுங்கள், அது வேறு கதை.

லபெட்டலால் ஊசியை மறந்துவிடுங்கள். அது உள்ளே இருந்தபோது கொடுத்த சிகிச்சையின் பட்டியலில் இருக்கும். சம்மரியில் நடுவில் வருவதெல்லாம் நடந்து முடிந்த வரலாறு. வீட்டுக்கானது கடைசியில் 'அட்வைஸ் ஆன் டிஸ்சார்ஜ்' என்ற தலைப்புக்குக் கீழே வருவது மட்டும்தான்.

இன்னொன்றையும் அங்கே சரிபாருங்கள். சம்மரியில் எழுதியிருப்பது மருந்தின் அளவு, மாத்திரையின் எண்ணிக்கை இல்லை. கடையில் குளோர்தாலிடோன் 25 கொடுத்திருந்தால் அதில் பாதிதான் 12.5. அந்தப் புள்ளியைக் கவனிக்காமல் முழு மாத்திரை போடுகிறவர்கள் உண்டு.

அப்புறம் கிட்னி. கட்டுப்படாத பி.பி.தான் கிட்னியைக் கெடுக்கும், டெல்மிசார்டன் மாதிரி மருந்துகளைக் கிட்னியைக் காப்பாற்றவே பலருக்கும் எழுதுகிறோம். இணையத்தில் யாரோ எழுதியதைப் படித்து இதை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. உண்மையான ஆபத்து அப்பா சட்டைப் பையில் இருக்கிறது. டைக்ளோஃபெனக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை, டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் மாதிரி நீர் மாத்திரை, இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைந்து, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிவிடும், போதாததற்கு வலி மாத்திரை பி.பி.யையும் ஏற்றும். மூட்டு வலி மாத்திரை எதுவென்று பாருங்கள், இந்த வகை என்றால் இன்றோடு நிறுத்தட்டும், பதிலுக்கு என்ன போடலாம் என்று அதே போனில் கேளுங்கள். கிறுகிறுப்பை அந்த மாத்திரை சரிசெய்யாது.

டெல்மிசார்டன் அளவைக் கூட்டி, குளோர்தாலிடோனும் சேர்த்தபின் ஒன்று இரண்டு வாரத்தில் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும். சம்மரியில் எழுதாவிட்டாலும் கேட்டு எடுங்கள், உங்கள் அப்பாவுக்கு ஒரு வாரமாக மருந்து அளவுக்கு மேல் போயிருப்பதால் டாக்டர் உடனேகூட எடுக்கச் சொல்லலாம். கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருந்தால் பதற வேண்டாம், முந்தைய அளவைவிட 30 சதவீதம் வரை கூடுவதை நாங்கள் எதிர்பார்த்தே இருப்போம். அதற்காகச் சம்மரியில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். நடுவில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் டெல்மிசார்டனையும் குளோர்தாலிடோனையும் அன்றைக்குப் போடலாமா என்று டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.