பணிப்பாளர் சபைக்கு ஒரே பக்கத்தில் சுருக்க மின்னஞ்சல் எழுதச் சொல்கிறார்கள். என்ன தீர்மானம் வேண்டும், என்ன ஆபத்து, எவ்வளவு காசு எல்லாம் அதில் இருக்க வேண்டுமாம். எப்படி எழுதுவது?

அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு நெல் ஆலைக் கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். சபையில் ஏழு பேர், பாதிப்பேர் கொழும்பில். நான் முதன்முதலில் எழுதிய சுருக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலைவர் தொலைபேசி எடுத்தார். "மகன், முழுக்க வாசிச்சன். இப்ப நான் எதுக்கு ஓம் சொல்லணும்?"

திருப்பி வாசித்துப் பார்த்தேன். மழையில் தொடங்கி, மூன்று விற்பனையாளர்களின் விலையை ஒப்பிட்டு, கடைசியில் "சபையின் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கிறேன்" என்று முடித்திருந்தேன். மரியாதையான வசனந்தான். ஆனால் அது எதையுமே கேட்கவில்லை.

விஷயம் இதுதான். இங்கே பெரும்போக வேளாண்மை வெட்டு ஜனவரிக் கடைசியில் தொடங்கும்போது மழை முழுதாக விட்டிருக்காது. மெசினால் வெட்டிய நெல் 20 சதவீதமும் அதற்கு மேலும் ஈரப்பதனோடு வரும். களஞ்சியத்தில் வைக்க 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். தார் ரோட்டில் பரப்பிக் காயவைக்க வழியில்லாதவர்கள் ஈரத்தோடேயே குறைந்த விலைக்கு விற்பார்கள். எங்களிடம் ஒரு ட்ரையர் இருந்தால் அந்த நெல்லை வாங்கலாம். நான் இரண்டாவது முறை எழுதியது கீழே இருக்கிறது. தொகைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

> பொருள்: தீர்மானம் தேவை, நவம்பர் 10க்குள் – நெல் ட்ரையர், ரூ. 120 இலட்சம்
>
> கேட்பது: நெல் ட்ரையர் ஒன்றை வாங்கிப் பொருத்த ரூ. 120 இலட்சத்துக்கு மேற்படாமல் செலவிடச் சபை அனுமதிக்க வேண்டும். இதில் 40 இலட்சம் கையிருப்பு, 80 இலட்சம் வங்கிக் கடன். வாங்கலாம் என்பதே முகாமைத்துவத்தின் பரிந்துரை.
>
> ஏன் நவம்பர் 10: பொருள் வந்துசேர 8 கிழமை, பொருத்த 2 கிழமை. பிந்தினால் ஜனவரி வெட்டுக்கு உதவாது.
>
> எண்கள்: ஒரு பெரும்போகத்தில் 600 தொன் ஈர நெல். உலர்த்தும் செலவு போக மிச்சம் 46 இலட்சம். முதல் வருட வங்கி வட்டி, ஏறத்தாழ 10 இலட்சம், இதில் கழிக்கப்படவில்லை.
>
> ஆபத்து 1: ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் கிலோவுக்கு 20 ரூபா வித்தியாசம் என்று எடுத்திருக்கிறோம். அது 15 ஆனால் மிச்சம் 18 இலட்சம். 12க்குக் கீழே போனால் நட்டம். வெட்டின் முதல் கிழமையிலேயே தெரியும். அப்படியானால் கொள்வனவு முகாமையாளர் ஈர நெல் வாங்குவதை நிறுத்துவார்.
>
> ஆபத்து 2: கூடிய கொள்ளளவு மின் இணைப்பு டிசம்பர் 31க்குள் வராவிட்டால் ஜெனரேட்டர் வாடகை 6 இலட்சம். இது 120க்குள் அடங்கும். பொறுப்பு: ஆலை முகாமையாளர்.
>
> வாங்காவிட்டால்: இப்போதுபோலக் காய்ந்த நெல்லையே வாங்குவோம். நட்டம் இல்லை, இந்த 46 இலட்சமும் இல்லை.

"கேட்பது" என்ற பந்தியைக் கவனியுங்கள். செயலாளர் அதை அப்படியே வெட்டிக் கூட்டக் குறிப்பில் ஒட்டினால் தீர்மானமாக நிற்க வேண்டும். எதற்கு, எவ்வளவு வரை, எந்தக் காசில் என்ற மூன்றும் இல்லாவிட்டால் நிற்காது. "மேற்படாமல்" என்ற சொல்லை விட்டால் 128 இலட்சம் பில் வரும்போது திரும்பவும் சபைக்கு ஓட வேண்டுமா இல்லையா என்றே தெளிவிருக்காது, ஓடாமலே கட்டிவிட்டு மாட்டிக்கொள்வீர்கள்.

இனி அந்த 46. இந்த இரண்டாவது மின்னஞ்சலின் முதல் வரைவில் அது 96 ஆக இருந்தது. ஈர நெல் கிலோ 100 ரூபா, காய்ந்தது 120. வித்தியாசம் 20, அதை 600 தொன்னால் பெருக்கினால் 120 இலட்சம். உலர்த்தும் செலவு கிலோவுக்கு 4 ரூபா வீதம் 24 இலட்சத்தைக் கழித்தால் 96. போட்ட காசு ஒன்றேகால் போகத்தில் திரும்பிவிடும்! சபைக்கு அனுப்புமுன், சம்மாந்துறையில் வயல் செய்கிற ஒரு பணிப்பாளரிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "காயவச்சா நிறை குறையாதா தம்பி?"

குறையும். 20 சதவீத ஈரப்பதனுள்ள 1000 கிலோ நெல்லில் தண்ணீர் 200 கிலோ, மற்றது 800 கிலோ. 14 சதவீதத்துக்குக் காய்ந்த பிறகு அந்த 800 கிலோ மொத்தத்தில் 86 சதவீதம். அப்படியென்றால் மொத்த நிறை 930 கிலோ. ஆயிரத்துக்கு 70 கிலோ ஆவியாகிப் போய்விடுகிறது. எங்கள் 600 தொன் 558 ஆகிறது. அதை 120க்கு விற்றால் வாங்கிய விலைக்கு மேலே வருவது 70 இலட்சந்தான். செலவு 24 போக 46. காசு திரும்ப வட்டிக்கு முன்பே இரண்டரைப் போகத்துக்கு மேல் ஆகும்.

இந்தப் பிழை திருந்தியபோதுதான் முதலாவது ஆபத்தும் சரியாகப் பிடிபட்டது. நிறை குறைவதால் கிலோவுக்கு ஏறத்தாழ 8 ரூபா, உலர்த்த 4 ரூபா, ஆக 12 ரூபா எப்படியும் போகிறது. அதற்கு மேலே வருகிற வித்தியாசம் மட்டுமே எங்களுடையது. முதல் வரைவில் இதே இடத்தில் "சந்தை விலை ஏற்ற இறக்கம்" என்று எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த எண் மாறினால் கதை மாறும், எவ்வளவு மாறினால் நட்டம், அது எப்போது தெரியவரும், தெரிந்தால் யார் என்ன செய்வார் என்று எழுத முடியாவிட்டால், அந்த ஆபத்து உங்களுக்கே இன்னும் விளங்கவில்லை. இரண்டு ஆபத்தை இப்படி எழுதினால் போதும். பன்னிரண்டு போட்டால் எது பெரியது என்று சபைதான் தேட வேண்டியிருக்கும்.

"வாங்காவிட்டால்" என்ற வரியில் பொய்ப் பயம் காட்டாதீர்கள். வாங்காவிட்டால் ஆலை மூடப்படும் என்று எழுத எனக்கும் கை துடித்தது.

அட்டவணை போடாமல் வசனமாகவே எழுதினேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் போனில்தான் வாசிப்பார்கள். அட்டவணை அதில் சிதறிவிடும். முழுக் கணக்கை இணைப்பில் வையுங்கள். அனுப்புமுன் மின்னஞ்சலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் இணைப்போடு ஒருதரம் ஒப்பிடுங்கள். அங்கே 45.8, இங்கே 46 என்றால் பரவாயில்லை. அங்கே பழைய 96 கிடந்தால் எதையும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று. கூட்டம் கூடாமல் மின்னஞ்சலிலேயே முடிவு எடுப்பதென்றால், எல்லோரும் "சரி" என்று பதில் போட்டதை வைத்துக் காசைக் கட்டிவிடாதீர்கள். சுற்றறிக்கைத் தீர்மானத்துக்கு எத்தனை பேர் எப்படிச் சம்மதம் தர வேண்டும் என்பது கம்பனியின் அமைப்பு விதிகளில் இருக்கும். கம்பனிச் செயலாளரிடம் முதலே கேட்டுவிடுங்கள்.

எங்களுக்கு நவம்பர் 7 அன்று தலைவரின் பதில் வந்தது: "அனுமதி. வித்தியாசம் 12க்குக் கிட்ட வந்தா அண்டைக்கே எனக்குச் சொல்லணும்." செயலாளர் அந்த நிபந்தனையையும் தீர்மானத்தில் சேர்த்துத்தான் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கினார்.