ஒரு சிட்டிங் ரத்தானால் மீதி நினைவூட்டல்கள் குலையாமலிருக்க

கேள்வி: எங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் வாரம் 3 நாள் வருபவர்களுக்குக் காலண்டரில் தொடர் நிகழ்வாகப் போட்டு எஸ்எம்எஸ் நினைவூட்டல் அனுப்புகிறோம். ஒருவர் ஒரே ஒரு நாள் வர முடியாது என்றால், சில சமயம் மொத்தத் தொடரும் நின்றுவிடுகிறது. சில சமயம் ரத்தான நாளுக்கும் செய்தி போகிறது. ஒன்று ரத்தானால் மீதி தானாகச் சரியாகும்படி எப்படி அமைப்பது?

பதில்: நினைவூட்டலைத் தொடரோடு கட்டாமல் ஒவ்வொரு சிட்டிங்கோடும் தனித்தனியாகக் கட்டுங்கள். 12 சிட்டிங் என்றால் பட்டியலில் 12 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஓர் அடையாள எண், தேதி, நேரம், நிலை. நிலை என்பது ‘உறுதி’, ‘ரத்து’, ‘முடிந்தது’, ‘வரவில்லை’ என்ற நான்கில் ஒன்று. சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்டே இதற்குப் போதும்.

செய்திகளை முன்கூட்டியே எழுதி வரிசையில் போட்டு வைக்காதீர்கள். ரத்தான நாளுக்கும் செய்தி போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: செய்தி ஏற்கெனவே எஸ்எம்எஸ் சேவையிடம் போய்ச் சேர்ந்திருக்கும், ரத்து உங்கள் பட்டியலில் மட்டும் பதிவாகியிருக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியலைப் பார்த்து, 24 மணி நேரத்துக்குள்ளோ 2 மணி நேரத்துக்குள்ளோ வரப்போகும் சிட்டிங்குகளில் ‘உறுதி’ நிலையில் உள்ளவற்றுக்கு மட்டும் அந்த நேரத்தில் செய்தியை உருவாக்கி அனுப்புவது பாதுகாப்பானது. எந்தச் சிட்டிங்குக்கு எந்த வகைச் செய்தி போனது என்பதையும் குறித்து வையுங்கள். அப்போதுதான் ஒரே செய்தி இருமுறை போகாது.

ஓர் உதாரணம். திங்கள், புதன், வெள்ளி காலை 10 மணி. 2026 ஜூன் 1 தொடங்கி 12 சிட்டிங். இயல்பாகப் போனால் ஜூன் 26-ல் முடியும். ஜூன் 9 காலை 10 மணிக்கு மறுநாளுக்கான நினைவூட்டல் போகிறது. 11 மணிக்கு நோயாளி ‘இந்த முறை மட்டும் முடியாது’ என்று பதில் அனுப்புகிறார். ஜூன் 10-க்கான வரி ‘ரத்து’ ஆகிறது. அதனால் புதன் காலை 8 மணிக்குப் போக வேண்டிய 2 மணி நேர நினைவூட்டல் தானாகவே போகாது. வெள்ளிக்கிழமை வரியை யாரும் தொடவில்லை. அதற்கான செய்தி வழக்கம்போல் போகும்.

அடுத்தது எண்ணிக்கை. காலண்டர் விதியில் ‘12 முறை’ என்று கொடுத்துவிட்டு ஒரு நாளை நீக்கினால், காலண்டர் கடைசியில் ஒன்றைச் சேர்த்துத் தராது. நீக்கப்பட்ட நாளும் அந்தப் 12-ல் ஒன்றாகவே எண்ணப்படும். நோயாளிக்கு 11 மட்டுமே மிஞ்சும். ஈடுசெய்யும் நாளை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஐகேலண்டர் கோப்பாக அனுப்புகிறீர்கள் என்றால் இப்படி:

```
DTSTART:20260601T100000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=MO,WE,FR;COUNT=12
EXDATE:20260610T100000
RDATE:20260629T100000
```

மூன்றாவது வரி ஜூன் 10-ஐ நீக்குகிறது, நான்காவது ஜூன் 29 திங்களைச் சேர்க்கிறது. திரையில் கையால் செய்பவர்கள் ஜூன் 29-க்குத் தனி நிகழ்வு போட்டால் போதும். ஆனால் நீக்கும்போது கூகுள் காலண்டர் கேட்கும் கேள்வியில் `This event` என்பதையே தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் `This and following events` அழுத்தினால் அன்றிலிருந்து எல்லாமே போய்விடும். உங்கள் தொடர் மொத்தமாக நிற்பதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

செய்தியில் ‘6-வது சிட்டிங்’ என்று எண்ணை முன்பே எழுதி வைத்திருந்தால் வெள்ளிக்கிழமை அது தவறாகிவிடும். அன்று நடக்கப்போவது 5-வது. ‘முடிந்தது’ என்றுள்ள வரிகளை எண்ணி, ஒன்று கூட்டி, அனுப்பும் நேரத்தில் எண்ணை எழுதச் சொல்லுங்கள். தொகுப்பாகப் பணம் கட்டியவர்கள் இந்த எண்ணை உன்னிப்பாகக் கவனிப்பார்கள்.

கடைசியில் சேர்க்காமல் அதே வாரம் வியாழக்கிழமைக்கு மாற்றலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் வியாழனும் வெள்ளியும் அடுத்தடுத்து வரும்; வலுவூட்டும் பயிற்சியில் இருப்பவருக்குத் தசை ஓய்வெடுக்க இடைவெளி இருக்காது. எனவே மாற்று நாளை மென்பொருளிடம் விடாமல் தெரபிஸ்டிடம் கேளுங்கள். மாற்றுவதென்று முடிவானால், பழைய வரியின் தேதியைத் திருத்தாதீர்கள். அதை ‘ரத்து’ என்றே விட்டுவிட்டுப் புதிய அடையாள எண்ணோடு புது வரி சேருங்கள். பழைய எண்ணுக்கு 24 மணி நேரச் செய்தி போய்விட்டதாகக் குறிப்பு இருப்பதால், தேதியை மட்டும் மாற்றினால் புதிய நாளுக்கு அந்தச் செய்தி போகவே போகாது. நோயாளி வராதபோதுதான் இது தெரியவரும்.

பதில்களைப் புரிந்துகொள்வதில்தான் அதிகச் சிக்கல். ‘1 – வருகிறேன், 2 – இந்த நாள் மட்டும் முடியாது, 3 – எங்களை அழைக்கவும்’ என்று மூன்று தெரிவுகள் போதும். ரத்துக்கு `STOP` என்ற சொல்லை வைக்கவே வைக்காதீர்கள். பல எஸ்எம்எஸ் சேவைகள் அதை ‘இனி எந்தச் செய்தியும் வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டு அந்த எண்ணையே தடுத்துவிடும். தொடரை முழுவதுமாக நிறுத்துவதற்குக் குறுஞ்செய்தித் தெரிவே தேவையில்லை, அது பேசி முடிவெடுக்க வேண்டியது.

தாமதமாக வரும் பதில் இன்னும் வில்லங்கமானது. செவ்வாய்க்கிழமைச் செய்தியைப் புதன் மாலை 3 மணிக்குப் பார்த்து ஒருவர் ‘2’ அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘அடுத்து வரும் சிட்டிங்கை ரத்து செய்’ என்று விதி எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமை ரத்தாகிவிடும்! பதிலை, அந்த எண்ணுக்குக் கடைசியாகப் போன நினைவூட்டல் எந்தச் சிட்டிங்குக்கானதோ அதனோடு பொருத்துங்கள். அதன் நேரம் கடந்திருந்தால் எதையும் ரத்து செய்யாமல் வரவேற்பு மேசைக்குத் தகவல் மட்டும் போகட்டும். சரியான நேரத்தில் வந்த ரத்துக்கும் தேதியோடு மறுமொழி போக வேண்டும்: ‘ஜூன் 10 புதன் ரத்து. ஜூன் 12 வெள்ளி காலை 10 மணி அப்படியே உள்ளது.’ இரண்டாவது வாக்கியம் இல்லையென்றால், மொத்தமும் ரத்தாகிவிட்டதோ என்று பலர் வெள்ளிக்கிழமையும் வராமல் இருந்துவிடுவார்கள்.

வீட்டுப் பயிற்சிக்குத் தனி நினைவூட்டல் அனுப்புகிறீர்கள் என்றால், அது ரத்தோடு நிற்கக் கூடாது. நம் உதாரணத்தில் 2 நாள் இடைவெளி 4 நாளாகிறது. அந்த நாட்களில்தான் அது அதிகம் தேவை. ஆனால் பயிற்சியின் அளவைச் சிட்டிங் எண்ணை வைத்துத் தானாகக் கூட்டும் அமைப்பாக இருந்தால், அடுத்த சிட்டிங் ‘முடிந்தது’ ஆகும்வரை கடைசியாகச் சொன்ன அளவிலேயே நிறுத்தி வையுங்கள்.

ரத்துக்குக் காரணம் வலியோ வீக்கமோ கூடியது என்று பதிலில் இருந்தால், அந்தச் செய்தி அன்றே தெரபிஸ்டுக்குப் போக வேண்டும். குறிப்பாக, கால் அறுவை சிகிச்சை முடிந்தவருக்குக் கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால், இரத்தக்கட்டி இருக்கிறதா என்று மருத்துவர் உடனே பார்க்க வேண்டியிருக்கும். தொடர்ந்து இரண்டாவது முறையும் ரத்து என்றால் தானியங்கிச் செய்தியை விட்டுவிட்டு ஒருவர் தொலைபேசியில் பேசுவதே சரி.

நோயாளிகளுக்குத் திறந்துவிடும் முன், உங்கள் சொந்த எண்ணைப் போலி நோயாளியாகச் சேர்த்து மூன்று விதமாக ரத்து செய்து பாருங்கள்: 24 மணி நேரச் செய்தி வரும் முன், இரு செய்திகளுக்கும் இடையில், சிட்டிங் நேரம் முடிந்த பிறகு. முதல் முறை அந்த நாளுக்கு எந்தச் செய்தியும் வரக்கூடாது, இரண்டாவதில் 2 மணி நேரச் செய்தி வரக்கூடாது, மூன்றாவதில் அடுத்த சிட்டிங் ‘உறுதி’ நிலையிலேயே இருக்க வேண்டும்.