காலாண்டு மார்க்கும் பெற்றோர் கூட்டத்தின் முதல் பத்து நிமிடமும்

காரைக்குடிப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் 29 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாம் வகுப்புக் காலாண்டு முடிந்து பெற்றோர் கூட்டம் நடக்கிற நேரம் இது. அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதுவயலிலிருந்து ஓர் ஆசிரியை: சார், பத்தாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர் ஆனது இந்த வருடம்தான். 42 பேரில் 11 பேர் கணக்கில் பெயில். சராசரி 48. அதைச் சொல்லித் தொடங்கினால் பெற்றோருக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்குமா?

இருக்காதும்மா. 82 எடுத்தவனின் அப்பாவுக்கும் 12 எடுத்தவனின் அப்பாவுக்கும் அந்த 48ஐ வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. “31 பேர் பாஸ், 11 பேர் பெயில்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். பள்ளியின் பெருமை, பாடத்திட்டம் கடினம் என்று சுற்றி வளைத்தால், விஷயம் பெரிசு போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். பேர் மட்டும் சொல்லக்கூடாது. பெயிலானவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும் தாயார் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

அந்த வாக்கியத்துக்குப் பிறகு என்ன சொல்வது என்பது விடைத்தாளில் இருக்கிறது. பதினொரு பேரின் தாளையும் எடுத்து, எந்தக் கேள்வியில் மார்க் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தகப்பனார்: அறிவியலில் செய்முறைக்கு 25 உண்டு. அது எப்படியும் வந்துவிடும். அப்புறம் எழுத்துத் தேர்வில் 10 எடுத்தால் 35 ஆயிற்றே? என் மகன் 14 எடுத்ததற்கு ஏன் பயமுறுத்துகிறார்கள்?

கூட்டல் சரி, விதி அப்படி இல்லை. மொத்தம் 35 வந்தால் மட்டும் போதாது. எழுத்துத் தேர்வில் 75க்கு 20ஆவது எடுக்க வேண்டும், செய்முறையில் 25க்கு 15. எழுத்தில் 14 எடுத்து செய்முறையில் முழு 25 வாங்கினாலும், 39 இருந்தும் பெயில்தான். உங்களைப் போலக் கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்த இரண்டு குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: இதைத் தொடக்கப் பேச்சில் ஒரு நிமிடம் சொல்லிவிடுங்கள். பெற்றோருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

மறுபடி புதுவயல் ஆசிரியை: பார்த்துவிட்டேன் சார். 8 பேர் 20க்கும் 34க்கும் நடுவில், 3 பேர் 20க்குக் கீழே. அந்த எட்டில் ஆறு பேர் 43, 44ஆம் கேள்விகளைத் தொடவே இல்லை.

இதைத்தான் எதிர்பார்த்தேன். 43 வடிவியல், 44 வரைபடம். ஒவ்வொன்றுக்கும் 8 மார்க், ஆக 16. இரண்டிலும் ‘அல்லது’ உண்டு, அதனால் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 27 எடுத்த பையன் இந்த 16இல் பாதி வாங்கியிருந்தால் 35 வந்திருக்கும். அவன் கணக்கு வராத பையன் இல்லை. கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் மணியடித்துவிட்ட பையன், இல்லையென்றால் பென்சில், காம்பஸ் கொண்டு வராத பையன். எது என்று அவனிடமே கேளுங்கள், சொல்லிவிடுவான்.

வரைபடத்தில் மார்க் முழுக்க வளைகோட்டுக்குப் போவதில்லை. அட்டவணை, அச்சுகள், அளவுத்திட்டம், புள்ளிகள் என்று படிக்குப் படி உண்டு. ஒரு பையன் தாளில் பத்துப் புள்ளியையும் சரியாகக் குறித்துவிட்டு அளவுத்திட்டத்தை எழுதாமல் விட்டிருந்தான். அந்த வரைபடத் தாளைத்தான் அந்த வருடக் கூட்டத்தில் பெயரை மறைத்துத் தூக்கிக் காட்டினேன். பலகையில் எழுதிய சதவீதத்தை யாரும் பார்க்கவில்லை, இந்தத் தாளைப் பார்க்கப் பின்வரிசை ஆட்கள் எழுந்து வந்தார்கள்.

சரி, உங்கள் பேச்சு இப்படிப் போகலாம்: “கணக்கில் 31 பேர் பாஸ், 11 பேர் பெயில். அதில் 8 பேர் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலும் வடிவியலும் வரைபடமும் எழுதாததால் விட்டது. வாரம் இரண்டு நாள் மாலை முக்கால் மணி நேரம் அதை மட்டும் போட வைக்கப் போகிறேன். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, அந்த இரண்டு நாளும் பிள்ளையைச் சீக்கிரம் வரச் சொல்லாமல் இருப்பதும், வரைபடத் தாள் வாங்கிக் கொடுப்பதும்தான். டிசம்பர் அரையாண்டில் இந்த எட்டுப் பேரும் 35ஐத் தாண்ட வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.” பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

அந்த மூன்று பேரைப் பற்றிப் பொதுவில் பேசாதீர்கள். அவர்களுக்கு வாய்ப்பாடும் குறியும் தகராறாக இருக்கலாம், நீண்ட நாள் லீவாகவும் இருக்கலாம். அது தனியாக உட்கார்ந்து பேச வேண்டியது.

கண்டனூர் ஆச்சி ஒருவர் (பேத்தி தட்டச்சு செய்தது): பேரனோட அப்பா சிங்கப்பூர்ல இருக்காக. கூட்டத்துக்கு நாந்தான் போறேன். வாத்தியார் பேசுறது பாதி புரியல. எங்கிட்ட என்ன கேப்பாக?

உங்களிடம் கணக்குக் கேட்க மாட்டார்கள் ஆச்சி, பயப்படாமல் போங்கள். பையன் ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான், லீவு போட்ட நாளில் ஏன் பள்ளிக்குப் போகவில்லை, இந்த இரண்டும்தான் உங்களுக்குத் தெரிந்து வாத்தியாருக்குத் தெரியாதவை. அதைச் சொல்லுங்கள். “எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் விட்டிருக்கிறான்? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து மகனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் பாதி வீட்டில் கூட்டத்துக்கு வருவது ஆச்சியோ ஐயாவோதான். அதை மறந்து பேசுகிற ஆசிரியர் மேல்தான் தப்பு.

காரைக்குடியிலிருந்து ஒரு தாயார்: என் மகள் 94இலிருந்து 81க்கு வந்துவிட்டாள். கூட்டம் முழுக்கப் பெயிலானவர்களைப் பற்றியே பேசினார்கள். வகுப்பில் எத்தனாவது ரேங்க் என்றுகூடச் சொல்லவில்லை. டியூஷன் மாற்றட்டுமா?

பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதையே 2017இல் நிறுத்திவிட்டார்கள் அம்மா. டியூஷன் பற்றித் தாளைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. 13 மார்க் ஐந்து மார்க் கேள்விகளில் போயிருந்தால் ஒரு காரணம், ஒரு மார்க் கேள்விகளில் சிதறியிருந்தால் வேறு காரணம். தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆனால் உங்கள் ஆதங்கம் நியாயம்தான், தொடக்கப் பேச்சில் பாஸானவர்களுக்கும் ஒரு நிமிடமாவது ஒதுக்க வேண்டும்.

ஒரு தனியார் பள்ளி ஆசிரியர்: நிர்வாகம் “நூறு சதவீதத் தேர்ச்சி” என்று மேடையில் உறுதி கொடுக்கச் சொல்கிறது. பிள்ளைகளையும் கூட்டத்தில் உட்கார வைக்கச் சொல்கிறது.

உறுதி கொடுக்காதீர்கள் தம்பி. 12 மார்க்கில் இருக்கும் பையனை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால், நாளைக்கு அவனை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகச் சொல்லும் நெருக்கடி உங்கள் தலையில்தான் விழும். தவறினால் துணைத்தேர்வு உண்டு என்பதை அவன் பெற்றோரிடம் தனியாகச் சொல்லலாம், மேடையில் இப்போதே சொன்னால் மற்றவர்கள் சோம்பிவிடுவார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். இருந்தால் வீட்டில் போய்ப் பேச்சு மாறாது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி உட்காரும் பையன் கேள்வி கேட்க வாய் திறப்பதில்லை. நான் தொடக்கப் பேச்சுக்கு வெளியே நிறுத்திவிட்டு, தனியாகப் பேசும்போது கூப்பிடுவேன். என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியை முதலிலிருந்தே உட்கார வைப்பார். அவர் வகுப்பும் நன்றாகத்தான் நடந்தது.

ஒன்று விட்டுவிட்டேன். தனிப் பேச்சுக்கு ஆளுக்கு 4 நிமிடம் என்றாலே 42 பேருக்கு மூன்று மணி நேரம் நெருங்கிவிடும். பெயிலானவர்களின் பெற்றோரை மட்டும் கடைசியில் இருக்கச் சொன்னால், பேர் சொல்லாமல் காத்ததெல்லாம் வீண். டோக்கன் கொடுத்து, வெளியூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களை முதலில் அனுப்புங்கள்.