கைரேகை கேள்வி-பதில்: விரல் இடைவெளியும் கணுக்களும்

கே: ஒரு விரலின் மூன்று கணுக்களை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது?
நகத்திலிருந்து. நகமுள்ளது முதல் கணு, உள்ளங்கையோடு சேர்வது மூன்றாவது. தலைகீழாக எண்ணினால் பலனும் தலைகீழாகிவிடும்.

கே: விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அடியில் வெளிச்சம் தெரிகிறது. பணம் தங்காதா?
தாராளமாகச் செலவு செய்கிற கை என்பதுதான் அதன் பொருள். ஆனால் மூன்றாம் கணு மெலிந்த எல்லாக் கையிலும் அந்தச் சந்து தெரியும். உடம்பு இளைத்திருக்கும்போது இதைப் பார்த்துப் பலன் சொல்லாதீர்கள்.

கே: போட்டோ அனுப்பியுள்ளேன். எல்லா விரல்களுக்கும் இடையே நல்ல இடைவெளி. சுதந்திரப் போக்குள்ளவன்தானே?
போட்டோவுக்காக நீங்களே விரித்துவைத்த விரல்கள் இவை. தசைநார் விறைத்து நிற்பது படத்திலேயே தெரிகிறது. இதில் என்ன பலன் சொல்வது? கையை இரண்டு தரம் உதறிவிட்டு, எதையும் நினைக்காமல் மேஜைமேல் போடுங்கள். அது தானாக எப்படி விழுகிறதோ அதுதான் கணக்கு. அப்போதும் குரு விரலாகிய ஆள்காட்டி விரலுக்கும் சனி விரலாகிய நடுவிரலுக்கும் நடுவே இடம் விட்டால் சொந்தமாக யோசிப்பவர். சனி விரலும் சூரிய விரலாகிய மோதிர விரலும் விலகினால் நாளைய கவலை குறைவு. சூரிய விரலைவிட்டுப் புதன் விரலாகிய சுண்டுவிரல் தள்ளி நின்றால் செயலில் யாருக்கும் கட்டுப்படாதவர்.

கே: என் மகளுக்குச் சுண்டுவிரல் குட்டை, மோதிர விரலின் முதல் கணுவுக்கு அடியிலுள்ள மேல்கோட்டைத் தொடவில்லை. பேச்சுத்திறன் இருக்காது என்கிறார்கள்.
இப்படிச் சொல்லிப் பிள்ளைகளைக் கலங்கவைப்பது எனக்குப் பிடிக்காது. நுனியை மட்டும் பார்த்தவர்கள் அடியைப் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய அளவுகளையே எடுத்துக்கொள்வோம். மோதிர விரலில் மூன்று கணுவும் சுமார் 25 மி.மீ. ஆக, மேல்கோடு அடியிலிருந்து 50-ல் இருக்கிறது. சுண்டுவிரல் 23, 17, 20, மொத்தம் 60. அதன் அடிக்கோடு மோதிர விரலின் அடியைவிட 15 மி.மீ. கீழே. 60-ல் 15 போனால் நுனி 45-ல் நிற்கிறது. கோட்டுக்கு 5 குறைவு. பெரும்பாலான கைகளில் போல 7 மி.மீ. மட்டும் இறங்கியிருந்தால் இதே விரல் 53-க்கு வந்து கோட்டைத் தாண்டியிருக்கும். ஆகவே விரல் குட்டையில்லை, அமர்ந்த இடம்தான் தாழ்வு. அதற்குப் பலன் வேறு: திறமை இருக்கும், அதை வெளியே காட்டத் தயக்கம் இருக்கும். அவள் முதல் கணுதான் மூன்றிலும் நீளம். சொல்வளத்துக்கு உரியது அதுவே. முதலில் அடிக்கோட்டைப் பாருங்கள், பிறகு நுனியைப் பாருங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

கே: சுண்டுவிரலின் நடுக்கணு மட்டும் சிறிது. தோஷமா?
இல்லை. அந்த விரலில் நடுக்கணு சிறுத்திருப்பதே இயல்பு. மற்ற விரல்களின் நடுக்கணுவோடு ஒப்பிடாதீர்கள்.

கே: புறங்கையில் அளந்தால் மூன்றாம் கணு மிக நீளமாக வருகிறதே?
விரல் முட்டியிலிருந்து அளந்திருக்கிறீர்கள். உள்ளங்கைப் பக்கம், கோட்டுக்குக் கோடு, நூல் வைத்து, விரலை நேராக நீட்டி அளந்து எழுதுங்கள். இரண்டு கைகளுக்கும் வேண்டும்.