ஒரே லிஸ்டிங்கில் இரண்டு பேட்ச் தேன்குழல்: கேள்வி பதில்

காரைக்குடியில் பலகாரமும் மசாலாப் பொடியும் ஆன்லைனில் விற்கிறேன். பேட்ச், தேதி பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

பள்ளத்தூர்: தம்பி, புது சரக்கு வந்த அன்றே லிஸ்டிங்கில் தேதியை மாற்றிவிடுகிறேன். அப்படியும் பழைய தேதி பாக்கெட் வந்ததாகப் புகார் வருகிறதே?

அன்றே மாற்றுவதுதான் சிக்கல், ஆச்சி. தேன்குழலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1 அன்று போட்டது ஜூன் 30 வரை தாங்கும். 12ஆம் தேதி போட்டது ஜூலை 11 வரை. 13ஆம் தேதி காலையில் பழையது 14 பாக்கெட், புதியது 40 பாக்கெட் அலமாரியில் இருக்கிறது. லிஸ்டிங்கில் 54 என்று ஒரே எண்ணும், ஜூலை 11 என்று ஒரே தேதியும் போட்டால், அடுத்து வாங்கும் 14 பாக்கெட்டுக்கும் நீங்கள் சொன்ன தேதி தப்பு. கையிருப்பில் எது சீக்கிரம் முடிகிறதோ அந்தத் தேதியைத்தான் காட்ட வேண்டும். ‘ஜூன் 30 அல்லது அதற்குப் பின்’ என்று போடுங்கள். கடைசிப் பழைய பாக்கெட் போன பிறகு மாற்றுங்கள்.

நான் ஷீட்டில் ஒரு பேட்சுக்கு ஒரு வரி வைத்திருக்கிறேன். A பொருள், B பேட்ச், C இருப்பு, D தேதி. காட்ட வேண்டிய தேதியை இது எடுத்துத் தரும்:

```
=MINIFS(D2:D50,A2:A50,"தேன்குழல்",C2:C50,">0")
```

இருப்பு பூஜ்யமானதும் அந்த பேட்ச் தானாகக் கணக்கிலிருந்து விலகிவிடும். வரியை மட்டும் அழிக்காதீர்கள், புகார் வந்தால் தேவைப்படும்.

அதே ஆச்சி: சரி, அந்த 14 பாக்கெட்டை எதுவரை அனுப்பலாம்?

30ஆம் தேதி வரை இல்லை. ஆன்லைனில் விற்கும் உணவு வாங்குபவர் கைக்குப் போகும்போது மொத்த ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்வது. 30 நாள் பலகாரத்துக்கு 45 நாள் பொருந்தாது, 30 சதவீதம்தான் கணக்கு. அது 9 நாள். அப்படியானால் 21ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். கூரியருக்கு நான்கு நாள் என்றால் 17ஆம் தேதிதான் கடைசி. அன்று மாலை மிச்சமிருப்பதை லிஸ்டிங்கிலிருந்து கழித்துவிட்டுக் கடையில் நேரில் விற்றுவிடுங்கள்.

தேவகோட்டை: அண்ணே, முதலில் வந்ததை முதலில் அனுப்பினால் போதுமே. இவ்வளவு கணக்கு எதற்கு?

நீங்களே சுட்டு நீங்களே விற்றால் போதும். வெளியில் வாங்கி விற்றால் போதாது. மொத்த வியாபாரி மிளகாய்ப் பொடியைப் போன மாதம் ஆகஸ்டில் முடிவதாகக் கொடுப்பார், இந்த மாதம் குடோன் மூலையில் கிடந்த ஜூலை சரக்கைக் கொடுப்பார். பின்னால் வந்தது முன்னால் முடிகிறது. பெட்டியைப் பிரித்ததும் தேதியைப் பார்த்து எழுதுங்கள். வந்த நாளை நம்பாதீர்கள்.

ஆத்தங்குடி: நாங்கள் தரை ஓடு விற்கிறோம். காலாவதியே கிடையாது. எங்களுக்கும் இது வேண்டுமா?

தேதி வேண்டாம், பேட்ச் வேண்டும். கையால் செய்யும் ஓட்டில் ஒரு தடவை வந்த நிறம் மறு தடவை அப்படியே வராது. பாதித் தரை போட்டவர் மிச்சத்துக்குத் திரும்பி வரும்போது எந்த பேட்ச் என்று சொல்ல முடிய வேண்டும்.

கோட்டையூர்: ஆர்டர் வந்ததும் பேட்ச் நம்பரை அதில் குறித்துவிடுகிறோம். சரிதானே?

பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது குறியுங்கள். ஆர்டர் வரும்போது எந்த பாக்கெட் போகும் என்று யாருக்கும் தெரியாது. நானும் உங்களைப் போலத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை சீப்பு சீடையில் காறல் வாடை என்று ஒரு அம்மா எழுதினார். நோட்டில் அவருக்குப் போனதாக இருந்தது ஒரு பேட்ச், அவர் அனுப்பிய படத்தில் இருந்தது வேறு. அந்த பேட்ச் வேறு யாருக்கெல்லாம் போனது என்று சொல்ல வழியில்லை. அந்தப் பத்து நாளில் வாங்கிய எல்லோருக்கும் போன் செய்தேன். அன்றிலிருந்து பில்லின் மூலையில் பாக்கெட்டைப் பார்த்தே நம்பர் எழுதுகிறோம்.

இன்னொன்று. ஒரே நாளில் எண்ணெய் மாற்றிச் சுட்டால் அது இரண்டாவது பேட்ச். காலையில் சுட்டதற்கு ‘சீ0106அ’, மாலையில் சுட்டதற்கு ‘சீ0106ஆ’ என்று பிரித்துவிடுங்கள். காறல் வந்தால் பாதியைக் காப்பாற்றலாம்.

கானாடுகாத்தான்: பத்து கிலோ மூட்டையாக வாங்கி 200 கிராமாகப் பிரிக்கிறோம். பிரித்த நாளிலிருந்து தேதி எண்ணலாமா?

கூடாது. மூட்டையில் உள்ள தேதிதான் கடைசி. மூட்டை நம்பரையும் உங்கள் பேட்ச் வரியில் சேர்த்து எழுதுங்கள்.

காரைக்குடி: ஒருவர் ஆறு பாக்கெட் கேட்கிறார், பழையது நான்குதான் இருக்கிறது. கலந்து அனுப்பலாமா?

நான் கலந்து அனுப்புவேன், பில்லில் இரண்டு நம்பரும் இருக்கும். என் தங்கை ஆறும் புதிதாகவே அனுப்ப வேண்டும் என்பாள். வாங்குபவர் ஒரு தேதியைப் பார்த்துவிட்டு மற்றதை ஒளித்து வைத்ததாக நினைப்பார் என்பது அவள் கட்சி. எங்கள் கடையில் இது இன்னும் முடிவாகவில்லை.