புகார் கொடுத்தவரின் மேலதிகாரியே விசாரணை அதிகாரியானால்

கேள்வி: ஓசூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 11 ஆண்டுகளாக மெஷின் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். இரவு ஷிப்டில் சூப்பர்வைசருக்கும் எனக்கும் வாக்குவாதம். நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டி, வேலை செய்ய மறுத்ததாகப் புகார் எழுதிவிட்டார். சார்ஜ் மெமோவுக்கு மறுத்து விளக்கம் கொடுத்தேன். இப்போது உள்விசாரணை நடத்துபவர் எங்கள் உற்பத்தி மேலாளர். அந்தச் சூப்பர்வைசர் அவருக்குக் கீழே வேலை செய்பவர். மெமோவுடன் வந்த புகார் நகலின் ஓரத்தில் “விசாரித்தேன். உண்மை. கடும் நடவடிக்கை தேவை” என்று மேலாளரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். முதல் அமர்வில் பயத்தில் எதுவும் பேசவில்லை. அடுத்த அமர்வு திங்கட்கிழமை. போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: போகாமல் இருக்காதீர்கள். நீங்கள் வராத நாளில் விசாரணையை ஒருதலையாக நடத்தி முடித்துவிடுவார்கள். சூப்பர்வைசர் சொன்னது குறுக்கு விசாரணை இல்லாமல் அப்படியே பதிவாகும். பிறகு நீதிமன்றத்தில் நீங்கள் சொல்லப்போகும் குறையைவிட “வாய்ப்புக் கொடுத்தோம், அவர்தான் வரவில்லை” என்ற நிர்வாகத்தின் பதில்தான் பெரிதாக நிற்கும். ஆட்சேபணையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

ஆட்சேபணையை எதன் மேல் நிறுத்துவது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். “புகார்தாரரின் மேலதிகாரி என்பதால் பாரபட்சம்” என்று மட்டும் எழுதினால் அது பலவீனமான வாதம். ஒரு தொழிற்சாலையில் எந்த மேலாளரை நியமித்தாலும் அவர் யாருக்காவது மேலதிகாரியாகத்தான் இருப்பார். உள்விசாரணை என்பதே நிர்வாகம் தன் ஆட்களைக் கொண்டு நடத்துவது. சம்பளம் கொடுப்பவர் நியமித்தார் என்பதற்காக நீதிமன்றங்கள் விசாரணையைத் தள்ளுவதில்லை. நிறுவனத்திடம் கட்டணம் வாங்கும் வழக்கறிஞர் விசாரணை அதிகாரியாக இருந்தது கூட அந்த ஒரு காரணத்தால் பாரபட்சம் ஆகாது என்று சரண் மோட்டார்ஸ் வழக்கில் 1964-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் பலம் அந்த ஓரக் குறிப்பில் இருக்கிறது. அதில் மூன்று செய்திகள் உள்ளன. “விசாரித்தேன்” என்றால், உங்களைக் கூப்பிட்டுக் கேட்காமலே யாரிடமோ கேட்டு ஒரு விசாரணையை அவர் முன்பே முடித்திருக்கிறார். “உண்மை” என்றால், இனிமேல் அவர் எட்ட வேண்டிய முடிவை அப்போதே எட்டிவிட்டார். “கடும் நடவடிக்கை தேவை” என்றால், தண்டனையையும் பரிந்துரைத்துவிட்டார். இப்படி எழுதியவர் அதே புகாரை எடைபோடும் நாற்காலியில் உட்காரும்போது, அவர் மனத்தில் நிஜமாகவே பாரபட்சம் இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பாரபட்சத்துக்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று விவரம் தெரிந்த சாதாரண மனிதருக்குத் தோன்றினால் போதும். 1969-இல் கிரைபக் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்ததும் அதைத்தான். தேர்வுக் குழுவில் இருந்த ஒரு வனத்துறை அதிகாரி, அந்தத் தேர்வுக்குத் தானும் ஒரு போட்டியாளர். தன் பெயர் வந்தபோது அவர் ஒதுங்கியிருந்தும் அந்தத் தேர்வை நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்த இடத்தில் ஒரு எல்லை உண்டு. மேலாளர் புகாரில் வெறுமனே “மனிதவளப் பிரிவுக்கு அனுப்பவும்” என்று எழுதியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு தெம்பாகப் பதில் எழுதமாட்டேன். கோப்பைக் கைமாற்றிவிடுவது வேறு, கோப்பின் மேல் தீர்ப்பு எழுதுவது வேறு.

அடுத்து, அன்று இரவு மேலாளர் ஷிப்ட் தளத்தில் இருந்தாரா, வாக்குவாதத்தைப் பார்த்தாரா, சூப்பர்வைசர் முதலில் அவருக்கா போன் செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் அவர் சாட்சியும் ஆகிறார். சம்பவத்தை நேரில் பார்த்த அதிகாரி அதன் விசாரணையை வேறொருவரிடம் விட்டுவிடுவதே முறை என்று 1963-இல் அசோசியேட்டட் சிமெண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கும் முந்தைய முகமது நூஹ் வழக்கு, ஒரு தலைமைக் காவலர் மீதான துறை விசாரணை பற்றியது. சாட்சி ஒருவர் மாற்றிச் சொன்னதும், விசாரணை நடத்திய அதிகாரி தன்னையே சாட்சியாகப் பதிவு செய்துகொண்டு, மறுபடி விசாரணை நாற்காலிக்குத் திரும்பினார். அது இயற்கை நீதிக்கு முற்றிலும் விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். (பதவிநீக்க உத்தரவு அரசியல் சாசனத்துக்கு முந்தையது என்பதால் அந்தக் காவலருக்கு நிவாரணம் கிடைக்காமல் போனது தனிக்கதை.) ஆனால் மேலாளருக்குச் சம்பவத்தோடு தொடர்பே இல்லாதபோது, அவரை அந்த நாற்காலியிலிருந்து இறக்குவதற்காக மட்டும் சாட்சிப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்தத் தந்திரம் உடனே தெரிந்துவிடும். நல்ல வாதமும் அதோடு சேர்ந்து கெடும்.

இனி நீங்கள் பேசாமல் இருந்த முதல் அமர்வுக்கு வருகிறேன். எனக்குக் கவலை தரும் இடம் அதுதான். முதல் நாளில் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்டு எழுதுவார்கள்: குற்றச்சாட்டு புரிந்ததா, ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை அதிகாரி மீது ஆட்சேபணை உண்டா. மூன்றாவதற்கு “இல்லை” என்று தட்டச்சு செய்து உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கக்கூடும். அன்றைய நடவடிக்கைக் குறிப்பின் நகலை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நகல் தரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், தெரிந்தும் வாய்மூடி இருந்தால் ஆட்சேபணையைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். மாணக் லால் என்ற வழக்கறிஞர் மீதான விசாரணைக் குழுவின் தலைவர், புகார்தாரருக்காக முன்பு நீதிமன்றத்தில் ஆஜரானவர். அப்படிப்பட்டவர் குழுவில் இருந்தது தவறு என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இருந்தும் மாணக் லாலுக்குப் பயன் இல்லை. விஷயம் தெரிந்திருந்தும் அறிக்கை பாதகமாக வரும்வரை அவர் பேசவில்லை என்பதே காரணம். இதற்கு மாறாக, 1993-இல் ரத்தன் லால் சர்மா என்ற பள்ளி முதல்வரின் வழக்கில், குழு உறுப்பினர் ஒருவரே சாட்சியும் சொல்லியிருந்தார். குறை ஆணிவேரையே தொடுகிறது என்று சொல்லி, தாமதமான ஆட்சேபணையையும் நீதிமன்றம் ஏற்றது. இரண்டாவது தீர்ப்பை நம்பி முதலாவதை மறந்துவிடாதீர்கள். உங்கள் விசாரணையில் சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை என்றால், இப்போது எழுப்புவதைத் தாமதம் என்று சொல்வது கடினம்.

மனுவை விசாரணை அதிகாரிக்கு எழுதாதீர்கள். அவரை நியமித்த ஒழுங்கு நடவடிக்கை அதிகாரிக்கு எழுதுங்கள். நியமன உத்தரவில் கையெழுத்திட்டவர் யாரோ அவர்தான். நகலை மட்டும் விசாரணை அதிகாரிக்குக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும், நடை அமைதியாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

“என் மீதான புகாரின் மீது, விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டுள்ள உற்பத்தி மேலாளர் ‘விசாரித்தேன். உண்மை. கடும் நடவடிக்கை தேவை’ என்று எழுதிக் கையெழுத்திட்டுள்ளார், நகல் இணைத்துள்ளேன். குற்றச்சாட்டின் உண்மை குறித்தும் தண்டனை குறித்தும் அவர் ஏற்கெனவே கருத்துத் தெரிவித்துவிட்டதாலும், புகார்தாரர் அவருடைய நேரடிக் கட்டுப்பாட்டில் பணிபுரிவதாலும், அவர் நடத்தும் விசாரணை நடுநிலையாக இருக்காது என்ற நியாயமான அச்சம் எனக்கு உள்ளது. வேறு பிரிவைச் சேர்ந்த அல்லது வெளியிலிருந்து வரும் ஒருவரை நியமிக்குமாறும், இம்மனு மீது முடிவெடுக்கும்வரை விசாரணையை ஒத்திவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

முதல் அமர்வில் “ஆட்சேபணை இல்லை” என்று பதிவாகியிருந்தால் அதை மறைக்காதீர்கள். துணைக்குச் சக ஊழியர் இல்லாத நிலையில், அதன் விளைவு தெரியாமல் சொன்னதாக நடந்ததை நடந்தபடி ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். “கைக்கூலி”, “சதி” போன்ற சொற்கள் மனுவில் வேண்டாம். மேலாளரை அவமதித்ததாக இன்னொரு மெமோ வருவதற்கு நீங்களே வழிசெய்ததாக ஆகிவிடும்.

மனுவை நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். “வேறு ஆள் இல்லை” என்று நிர்வாகம் சொன்னால் அது எடுபடாது; வெளியிலிருந்து விசாரணை அதிகாரியைக் கூப்பிடுவது தொழிற்சாலைகளில் அன்றாடம் நடப்பதுதான். அப்படி ஒரு வழக்கறிஞரை நியமித்தால், அவர் கம்பெனி வக்கீல் என்று மறுபடி சண்டை தொடங்காதீர்கள்.

மத்திய அரசு ஊழியராக இருந்தால், இத்தகைய மனு வந்ததும் விசாரணையை நிறுத்திவைத்து, மறுஆய்வு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டிலிருந்தே அறிவுறுத்தல் இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் உங்களுக்கு அந்தத் தானியங்கித் தடை கிடையாது. மனுவை நிராகரித்துவிட்டுத் திங்கட்கிழமை விசாரணையைத் தொடரவும் கூடும். அதை நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தனியார் நிறுவனத்துக்கு எதிரான ரிட் மனு நிற்பதே சந்தேகம். பாதி நடந்த உள்விசாரணையில் குறுக்கிட நீதிமன்றங்களும் தயங்கும்.

ஆகவே ஆட்சேபணையோடு கலந்துகொள்ளுங்கள். அன்றைய குறிப்பின் முதல் வரியாக “விசாரணை அதிகாரி குறித்த என் ஆட்சேபணையை விட்டுக்கொடுக்காமல் கலந்துகொள்கிறேன்” என்று பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒவ்வொரு அமர்விலும் இதைச் செய்யுங்கள். சூப்பர்வைசரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது, புகாரை எப்போது, யாரிடம் கொடுத்தார், மேலாளர் அதைப் படித்துவிட்டு என்ன கேட்டார், வேறு யாரையாவது கூப்பிட்டு விசாரித்தாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளை அனுமதிக்காமல் மேலாளர் தடுத்தால், தடுத்ததையும் எழுதச் சொல்லுங்கள். தன்னைப் பற்றிய கேள்வியைத் தானே தடுக்கும் அதிகாரி உங்கள் மனுவுக்கு அவரே சாட்சியம் சேர்க்கிறார்.

அறிக்கை பாதகமாக வந்தால் அதன் நகலும், பதில் சொல்ல வாய்ப்பும் கேளுங்கள். அந்தப் பதிலின் முதல் பத்தி இந்த ஆட்சேபணையாகவே இருக்கட்டும். வேலைநீக்கம் வரை போனால், தொழிலாளர் நீதிமன்றமோ தீர்ப்பாயமோ முதலில் எடுக்க வேண்டிய பிரச்சினை, விசாரணை முறையாக நடந்ததா என்பது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டாலும், மேலே சொன்ன இயற்கை நீதி அப்படியேதான் இருக்கிறது.

அங்கே நீங்கள் வென்றாலும் வேலை உடனே திரும்பிவிடாது. உள்விசாரணை செல்லாது என்று ஆனபின், நிர்வாகம் உரிய நேரத்தில் கேட்டிருந்தால் அதே குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே புதிதாகச் சாட்சி வைத்து நிரூபிக்கலாம். அப்போது பேச்சு மேலாளரைப் பற்றியதாக இருக்காது. அன்று இரவு நீங்கள் திட்டினீர்களா, வேலை செய்ய மறுத்தீர்களா என்பதாக இருக்கும். ஆகவே ஆட்சேபணை மனுவோடு இன்னொரு கடிதமும் கொடுங்கள். அந்த ஷிப்டின் சிசிடிவி பதிவு, வருகைப் பதிவேடு, உங்கள் இயந்திரத்தின் அன்றைய உற்பத்திப் பதிவு ஆகியவற்றை அழியாமல் வைத்து, நகல் தரச் சொல்லுங்கள். கேமராப் பதிவுகளை சில வாரங்களில் மேலெழுதிவிடுவார்கள். அதைத் திங்கட்கிழமைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.