கடனா, பாவமா?

வணக்கம் ஐயா. எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று ஜெபிக்கிறோம். என் கத்தோலிக்க நண்பர் வீட்டில் "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்கிறார்கள். இயேசு அரமேயத்தில் எந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்? வாட்ஸப்பில் "மூல அரமேய ஜெபம்" என்று ஒரு ஒலிப்பதிவு வருகிறதே, அதைக் கேட்டால் தெரிந்துவிடாதா?
– ஜான்சன்

அன்புள்ள ஜான்சன்,

அந்த ஒலிப்பதிவை முதலில் ஒதுக்கிவிடுவோம். 'அபூன் த்பஷ்மாயோ' என்று தொடங்குவதுதானே? அது சிரியாக் மொழி. எதெஸ்ஸா பக்கத்து அரமேயம். அந்த மொழியின் வேதாகமமான பெஷித்தாவில் உள்ள சுவிசேஷங்கள் கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. இன்றைய வடிவம் பெற்றது ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டில். இதை அந்த ஜெபத்தை வைத்தே சோதிக்கலாம். பெஷித்தாவின் மத்தேயுவில் இந்த இடத்தில் 'ஹவ்பைன்' (எங்கள் கடன்கள்) என்று இருக்கிறது, லூக்காவில் 'ஹ்தாஹைன்' (எங்கள் பாவங்கள்) என்று இருக்கிறது. கிரேக்கம் பிரிகிற இடத்தில் சிரியாக்கும் அப்படியே பிரிகிறது. இயேசுவின் வாய்மொழி தனியாக அதில் தங்கியிருந்தால் இப்படி நடக்க வேண்டியதில்லை.

ஆக, கிரேக்கத்திலிருந்துதான் பின்னோக்கிப் போக வேண்டும். உங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்திலேயே தடயம் இருக்கிறது. மத்தேயு 6:12இல் இரண்டு பாதியும் கடன்: "கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை". லூக்கா 11:4 பாருங்கள்: "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும் நாங்கள் மன்னிக்கிறபடியால் எங்கள் பாவங்களை எங்களுக்கு மன்னியும்." ஒரு பாதி பாவம், மறுபாதி கடன்! கிரேக்கத்தில் 'ஓஃபெய்லேமா' என்றால் கொடுக்க வேண்டிய பாக்கி. கடவுளிடம் பாக்கியை மன்னிக்கக் கேட்பது கிரேக்க வாசகருக்குப் பழக்கமில்லாத பேச்சு. அதனால் லூக்காவில் கடவுளிடம் கேட்கும் பாதியில் 'ஹமார்தியா', அதாவது பாவம், என்று தெளிவான சொல்லைப் போட்டிருக்கிறார்கள், மறுபாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். பாவத்தைக் கடன் என்று யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். கடனைப் பாவம் என்று விளக்கியிருப்பார்கள். என் பார்வையில் இந்த அரைகுறைத் திருத்தம்தான் இதில் பலமான சாட்சி.

கடன், பாவம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற அரமேயச் சொல் 'ஹோபா'. யாத்திராகமத்தின் அரமேயப் பெயர்ப்பான ஒன்கெலோஸ் தர்கூமில், பொன் கன்றுக்குட்டி நிகழ்ச்சிக்குப் பிறகு மோசே மன்றாடுகிறார் (32:32). எபிரேயத்தில் அங்கே பாவம் என்ற சொல். தர்கூமில் அது 'ஹோபா'வின் பன்மை. மன்னிப்பதற்கான வினை 'ஷ்பக்', அதாவது விட்டுவிடு. சுவிசேஷங்களில் மன்னிப்புக்கு வரும் கிரேக்க வினையான 'அஃபியேமி'க்கும் இதே பொருள்தான். நமக்கு வேண்டிய இரண்டு சொற்களும் ஒரே வசனத்தில் கிடைத்துவிட்டன.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் தர்கூம் இயேசுவுக்குப் பிற்பட்டது. அவர் காலத்துக்கு நெருக்கமானது கும்ரான் குகைகளில் கிடைத்த அரமேயம். அங்கே 'நபோனிதுவின் ஜெபம்' என்ற ஏட்டிலும் யோபுவின் தர்கூமிலும் 'ஷ்பக்' வருகிறது, ஆனால் கூடவே வருவது பாவத்துக்கே உரிய 'ஹ்த்' வேர்ச்சொல். அதாவது 'ஷ்பக்' உறுதி. 'ஹோபா' மட்டுமே ஒரே வழி என்று சொல்ல முடியாது. அப்புறம் ஏன் 'ஹோபா' என்கிறோம்? இயேசு 'ஹ்த்' வேரில் சொல்லியிருந்தால் மத்தேயுவில் கடன் என்ற சொல் வந்ததற்குக் காரணமே இல்லை. லூக்கா 13ஐயும் பாருங்கள். இரண்டாம் வசனத்தில் 'பாவிகள்' என்று வருகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்தவர்களைப் பற்றிய நான்காம் வசனத்தில் நம் வேதாகமம் 'குற்றவாளிகள்' என்கிறது. கிரேக்கத்தில் அங்கே இருப்பது 'கடனாளிகள்'! அங்கும் பின்னால் 'ஹோபா'வோடு ஒரே வேரில் வரும் 'ஹய்யாபா' என்ற அரமேயச் சொல் நிற்கிறது என்று கொள்வது எளிது.

இன்னொரு இடம் வினையின் காலம். மத்தேயுவின் பழைய கிரேக்கப் பிரதிகளில் "நாங்கள் மன்னித்ததுபோல" என்று இறந்தகாலம். லூக்காவில் நிகழ்காலம். முதலில் நாம் மன்னித்தால்தான் கடவுள் மன்னிப்பாரா என்று பலரும் குழம்பியது இதனால்தான். ஜெர்மானிய அறிஞர் ஜோவாகிம் ஜெரெமியாஸ், இதன் பின்னால் 'ஷ்பக்னன்' என்ற அரமேய வடிவம் இருக்கிறது, சொல்லும்போதே நடந்துவிடும் செயலைக் குறிக்க அந்த வடிவம் பயன்படும் என்றார். "இதோ மன்னிக்கிறோம்" என்பதுபோல. எனக்கு இது ஏற்புடையதாகவே படுகிறது. மத்தேயு வடிவத்தைப் பெயர்த்தார், லூக்கா பொருளைப் பெயர்த்தார்.

ஜெரெமியாஸ் மீட்டுத் தந்த வரி ஏறக்குறைய இப்படி: 'ஊஷ்போக் லன் ஹோபைன், கெதி ஷ்பக்னன் லெஹய்யாபைன்'. ஹோபைன், லெஹய்யாபைன் என்ற இயைபு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நான் நம்ப மாட்டேன். கும்ரான் ஏடுகளில் 'எங்கள்' என்ற விகுதியை 'னா' என்று நெடிலாகவே எழுதியிருக்கிறார்கள். அதன்படி 'ஹோபைனா' என்றுதான் வரும். கலிலேயாவில் அன்று எப்படி உச்சரித்தார்கள் என்பதை பெரும்பாலும் மெய்யெழுத்தையே எழுதும் ஏடுகளிலிருந்து எடுக்க முடியாது. ஹோபா, ஷ்பக் என்ற வேர்கள் வரை துணிந்து போகலாம், உயிரெழுத்துகளில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.